வாங்கியவர் இல்லாத பாக்கி: நூற்பாலைக் கழிவுக் கணக்கில் நான் பார்த்தது

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு காஸ்டிங் கணக்கு பார்க்கப் போயிருந்தேன். லெட்ஜரில் 'வேஸ்ட் விற்பனை வர வேண்டியது' என்ற தலைப்பில் 46,000 ரூபாய் பற்று நின்றது. யார் தர வேண்டும் என்று கேட்டேன். "வேஸ்ட் எடுக்கிறவர்தான் சார். ஆனா அவர் எடுத்ததுக்கெல்லாம் பணம் கட்டிட்டாரே" என்றார் கணக்கு எழுதும் தம்பி. சொல்லும்போதே அவருக்கும் இடித்தது. பணமும் வந்துவிட்டது, பாக்கியும் நிற்கிறது.

அந்தப் பாக்கி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். கணக்கு சுலபமாக இருக்க, மில்லின் எண்களைக் கொஞ்சம் வட்டமாக்கிக்கொள்கிறேன். பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் புளோரூமையும், இழையைச் சீவி ஸ்லைவர் என்ற கயிறுபோன்ற பட்டையாக்கும் கார்டிங்கையும் சேர்த்து ஒரே பிராசஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் உள்ளே போன பஞ்சு 10,000 கிலோ. கிலோ 160 ரூபாய். பஞ்சுக்கு 16,00,000 ரூபாய் ஆயிற்று. கூலி, மின்சாரம், மற்ற செலவு 1,34,000. மொத்தம் 17,34,000. பஞ்சில் தூசி, விதைத்துணுக்கு, குட்டை இழை எல்லாம் உண்டு. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் 8% கழிந்தே தீரும் என்பது இந்த மில்லின் அனுபவம். இந்த 800 கிலோதான் இயல்பான இழப்பு, நாங்கள் நார்மல் லாஸ் என்று சொல்வது. கழிவு கிலோ 40 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி நீங்கலாக, விலைபோகிறது. ஆக 32,000 ரூபாய் திரும்ப வரும். வர வேண்டிய இந்தத் தொகையை இயல்பான இழப்புக் கணக்கில் பற்று வைக்கிறோம்.

இயல்பான இழப்பின் செலவை நல்ல சரக்குதான் சுமக்க வேண்டும். எனவே 17,34,000-இல் 32,000-ஐக் கழித்து, வரவேண்டிய 9,200 கிலோவால் வகுக்கிறோம். கிலோ 185 ரூபாய். அந்த மாதத்தின் எல்லாப் பதிவுக்கும் இதுதான் விலை. உண்மையில் எவ்வளவு வெளியே வந்தது என்பதைப் பார்த்து இதை மாற்றக் கூடாது.

முதல் மாதம் கார்டிங்கில் ஏதோ கோளாறு, ஸ்லைவர் 9,050 கிலோதான் வந்தது. 150 கிலோ கூடுதலாகப் போய்விட்டது. இது அசாதாரண இழப்பு. 185 ரூபாய் வீதம் 27,750 ரூபாயை பிராசஸ் கணக்கிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கணக்கில் வைக்கிறோம். அந்த 150 கிலோவும் கழிவாக விற்று 6,000 கிடைத்தது. மீதி 21,750 நேராக காஸ்டிங் லாபநட்டக் கணக்குக்குப் போகிறது. இதைத் தம்பி சரியாகவே எழுதியிருந்தார். எதிர்பார்த்ததற்கு மேல் 6,000 ரூபாய் கையில் வந்தால் யாருக்கும் கண்ணில் படும்.

அடுத்த மாதமும் உள்ளே போனது அதே 10,000 கிலோ, செலவும் அதேதான். ஆனால் நல்ல பஞ்சு, ஸ்லைவர் 9,300 கிலோ வந்தது. எதிர்பார்த்ததைவிட 100 கிலோ அதிகம், அசாதாரண ஆதாயம். 185 வீதம் 18,500. தம்பி அதை அப்படியே லாபத்தில் போட்டுவிட்டார். பிசகு இங்கேதான். ஆதாயம் வந்த மாதத்தில் கழிவு குறைந்துவிட்டதல்லவா? விற்க இருந்தது 700 கிலோதான், வந்த பணம் 28,000. ஆனால் இயல்பான இழப்புக் கணக்கு 32,000 வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அந்த 4,000 ரூபாயை யாரும் தர வேண்டியதில்லை. 100 கிலோ கழிவாகாமல் சரக்கானதால் நாம் விட்டுக்கொடுத்த பணம் அது. அசாதாரண ஆதாயக் கணக்கில் பற்று வைத்துத் தீர்க்க வேண்டும். உண்மையான ஆதாயம் 18,500 அல்ல, 14,500.

நடக்காத விற்பனைக்கு ரசீது கிடையாது, அதனால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. மாதாமாதம் நாலாயிரம், ஐயாயிரம் என்று சேர்ந்து 46,000 ஆகி, சொத்துப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. லாபமும் அவ்வளவு கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு குறுக்குவழியையும் பல இடங்களில் பார்க்கிறேன். கழிவு விற்று வந்த பணம் மொத்தத்தையும் பிராசஸ் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மிஞ்சியதைக் கிடைத்த கிலோவால் வகுத்துவிடுவார்கள். முதல் மாதத்தை அப்படிச் செய்தால் 17,34,000-இல் 38,000 போக 16,96,000. அதை 9,050-ஆல் வகுத்தால் கிலோ 187.40. வெறும் 2.40 ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். பைசாவைச் சுருக்காமல் 9,050 கிலோவுக்கும் பெருக்கிப் பாருங்கள், அதே 21,750 வருகிறது. நட்டம் எங்கும் போய்விடவில்லை, சரக்கின் விலைக்குள் ஒளிந்துகொண்டது. வருடக் கடைசியில் அந்த ஸ்லைவர் குடோனிலேயே இருந்தால், கோளாறால் வந்த நட்டமும் சரக்கிருப்பு மதிப்பில் சேர்ந்துவிடும். கணக்கியல் தரம் ஏஎஸ் 2 இதைத் தெளிவாகவே தடுக்கிறது: அசாதாரண விரயத்தைச் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது.

சரி, அந்த 46,000-ஐத் தீர்த்தாயிற்று. அப்புறம் மாத வாரியாக ஆதாயப் பதிவுகளையும் கழிவு எடைச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஒட்டவில்லை. இரண்டிலும் ஆதாயம் எழுதியிருக்கிறது, ஆனால் வேஸ்ட் குடோனிலிருந்து போன கழிவு 800 கிலோவுக்குக் குறையவே இல்லை. 10,000 கிலோ உள்ளே போய், 9,280-க்கு மேல் சரக்கும் 800-க்கு மேல் கழிவும் வந்தால், கூட்டிப் பாருங்கள், 10,000-ஐத் தாண்டுகிறது. பஞ்சு குட்டி போடாது.

"தராசு தப்பா இருக்குமோ சார்?" என்றார் தம்பி. அதற்கும் வாய்ப்பு உண்டு, முதலில் அதைத்தான் சோதித்தோம். தராசு சரியாக இருந்தது. காரணம் ஈரம். பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த எடையில் 7.5% ஈரத்தோடு வாங்கிய பஞ்சு மழைநாளில் 8.5%-க்கு ஏறினால், 9,200 கிலோ ஸ்லைவர் தராசில் 9,285 காட்டும். ஒரு கிலோ இழைகூடக் கூடியிருக்காது. நாம் 85 கிலோ தண்ணீரை 185 ரூபாய் வீதம் ஆதாயமாக எழுதியிருப்போம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒரே ஈர அளவுக்குத் திருத்தி எடை போட்டால், அந்த மாதம் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை.

தம்பியிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். ஆதாயம் எழுதும் மாதத்தில் இயல்பான இழப்புக் கணக்கில் பற்று மிஞ்சுகிறதா என்று பார். மிஞ்சினால் ஆதாயம் நிஜம், அந்தப் பற்றை ஆதாயத்தில் கழித்துவிடு. கழிவுப் பணம் முழுசாக வந்து, கணக்கு சுத்தமாகத் தீர்ந்தும் ஆதாயம் காட்டினால், பதிவை நிறுத்திவிட்டு ஈரமானியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போ.