பெட்டியில் 400 என்று இருந்தால், அது எந்த 400?

வீடியோ கலர் வேலை செய்பவன் என்பதால், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மொனிட்டர் பார்க்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியே பெட்டியைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். போன மாதம் ஒரு தம்பி இரண்டு படம் அனுப்பினான். ஒன்று பின்விளக்கில் ஓடும் ஐபிஎஸ் மொனிட்டர், லேபிளில் DisplayHDR 400. மற்றது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட், DisplayHDR True Black 400. "ரெண்டும் 400 தானே அண்ணா, விலை குறைஞ்சதை எடுக்கவா?"

DisplayHDR என்பது எச்டிஆருக்கான, அதாவது பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஆழமான கறுப்பையும் ஒரே படத்தில் காட்டும் முறைக்கான, தரச் சான்று. 400 என்பது நிட்ஸ் என்ற வெளிச்ச அளவில் உச்ச வெளிச்சம். திரை நடுவில் வரும் சிறிய வெள்ளைக் கட்டம் அந்த அளவுக்கு வர வேண்டும், இரண்டு லேபிளுக்கும் இது பொதுவானது. வித்தியாசம் கறுப்பில்தான். ஐபிஎஸ் பெனலின் கொன்ட்ராஸ்ட் சுமாராக 1000க்கு 1. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி இல்லாவிட்டால், வெள்ளை 400க்கு ஏறும்போது பக்கத்துக் கறுப்பு 0.4 நிட்ஸ் ஆகிவிடும். இருட்டு அறையில் அது சாம்பலாகத் தெரியும். True Black லேபிளுக்கு அந்தக் கறுப்பு 0.0005 நிட்ஸுக்கு மேல் போகக்கூடாது. இரவுக் காட்சியில் தெருவிளக்கு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் இந்த இடைவெளிதான் முக்கியம்.

கடையிலேயே பார்த்துவிடலாம். Win + Alt + B அழுத்தி எச்டிஆரைப் போடுங்கள். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து, மவுஸ் அம்பை நடுவில் விடுங்கள். கடை வெளிச்சம் திரையில் விழாதபடி கையால் மறைத்து ஓரங்களைப் பாருங்கள். கறுப்பு வெளிறிக் கிடந்தால் அந்த மொனிட்டரில் எச்டிஆர் பெயருக்குத்தான்.

ஓலெட் பெட்டியில் "1000 நிட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்தால், கீழே உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள். அநேகமாக அது திரையின் 2, 3 சதவீதக் கட்டத்துக்கான கணக்கு. திரை முழுக்க வெள்ளை என்றால் True Black 400 கேட்பது 250 நிட்ஸ்தான். சாதாரண DisplayHDR 400 தொடர்ந்து 320 தர வேண்டும். அதனால் பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து எக்செல் பார்ப்பவருக்கு ஐபிஎஸ்ஸே வசதி. தம்பி இரவில் கேம் விளையாடுகிறவன், சரி, ஓலெட்டை எடு என்றேன்.

"HDR10 சப்போர்ட்", "எச்டிஆர் ரெடி" என்று மட்டும் போட்டிருந்தால், அது சிக்னலை வாங்கும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெளிச்சத்துக்கு அதில் உத்தரவாதம் கிடையாது. 'Display' இல்லாமல் வெறும் "HDR400" என்று இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். இந்தச் சான்றிதழைக் கொடுக்கும் VESA அமைப்பின் displayhdr.org தளத்தில் சான்றிதழ் பெற்ற மொனிட்டர்களின் பட்டியல் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள மொடல் இலக்கத்தை, கடைசி எழுத்து வரை விடாமல், போனில் அங்கே தேடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.