கராஜில் புதிதாகப் பொடியன் சேர்ந்தால்: நைட்டா ஒப்பந்தமும் கைச்செலவுக் காசும்

ஹட்டன் பக்கம் சின்ன கராஜ்களில் பழக்கம் என்னவென்றால், ஓ.எல் முடித்த பொடியன் வருவான், பாஸ் "சரி, நாளையிலிருந்து வா" என்பார், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவன் திரீவீலர் கழுவுவதிலும் டீ வாங்கி வருவதிலும்தான் கெட்டிக்காரனாகியிருப்பான்.

இதை ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. நைட்டா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் அவனைப் பயிலுநராகப் பதிந்தால் கராஜ், பொடியன், நைட்டா மூன்று தரப்புக்கும் ஒப்பந்தம் வரும். அவன் கையில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். கடைசியில் மதிப்பீட்டில் தேறினால் என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். 16 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு எடுக்கவே கூடாது. 18 ஆகாதவனுக்கு ஆபத்தான வேலை கொடுக்கக் கூடாது.

பதிவுப் புத்தகத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். முதல் மாதம் சாவிகளின் அளவு, ஒயில் மாற்றுவது, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து எஞ்சினின் நிலையைச் சொல்வது. கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது அல்லது சூடு அதிகம். அப்புறம் பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள். நம் ஏற்ற இறக்கத்தில் இவை சீக்கிரம் தேயும், அதனால் வேலைக்குப் பஞ்சமே இருக்காது. நாலாம் மாதம் போல காபரேட்டர், வால்வ் இடைவெளி. ஒவ்வொரு நாளும் அவன் செய்ததை அவனே எழுத வேண்டும், பாஸ் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தைப் புரட்டும்போது "கழுவினேன்" என்று பக்கம் பக்கமாக வந்தாலும், ஒரு மாதக் கையெழுத்து முழுவதும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டது போலிருந்தாலும், அங்கே பழக்குதல் நடக்கவில்லை.

காசு விஷயம். தோட்டத்திலிருந்து வருகிறவனுக்கு பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 400 ரூபாய் போகிறது என்று வையுங்கள், 25 நாளில் 10,000. நீங்கள் 8,000 கொடுத்தால் தொழில் பழக அவனுடைய அம்மா கொழுந்துக் காசில் 2,000 போடுகிறார். அதனால்தான் மூன்றாம் மாதம் பொடியன் காணாமல் போகிறான். செலவு போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சுகிற தொகையைப் பேசி, பிரேக் வேலையைத் தனியாகச் செய்யத் தொடங்கும்போது கூட்டுவதாக முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்தம் ஒன்றும் இல்லாமல், பெயருக்கு மட்டும் பயிலுநர் என்று சொல்லி முழுநாள் வேலை வாங்கினால், தொழில் அலுவலர் கண்ணில் அவன் தொழிலாளிதான். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. அதன் மேல் முதலாளி பங்காக ஈ.பி.எஃப் 12 வீதம், ஈ.டி.எஃப் 3 வீதம்.

வருடக்கணக்காகக் கடதாசி எதுவும் இல்லாமல் வேலை பழகிவிட்டவர்களும் நைட்டாவுக்குப் போகலாம். கைத்திறனைச் செய்து காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ எடுக்கலாம். செய்த வேலைகளின் படங்களையும் கராஜ் பாஸின் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள்.