சம்பளத்திலும் எஃப்.டி. வட்டியிலும் வெட்டிய வரி: எதை எங்கே கழிப்பது?

தோட்டத்தில் ஓய்வு பெற்ற அப்பா அம்மாவின் ஈ.பி.எஃப். காசையும் சேவைக்காலப் பணத்தையும் படித்த பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு வைப்பது மலையகத்தில் சாதாரணம். பிள்ளைக்கு வங்கி வேலை தெரியும், அப்பாவுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்பதுதான் காரணம். அந்த வட்டியிலிருந்து வங்கி வெட்டும் வரியால் மனிதர்கள் காசை இழப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று வரி நிவாரணம். இது வருமானத்திலிருந்து கழிவது. இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா, அதாவது மாதம் 1,50,000 வரை, தனியாள் நிவாரணம் உண்டு. அதற்கு மேலே வரும் முதல் 10 லட்சத்துக்கு 6 வீத வரி. அடுத்த 5 லட்சத்துக்கு 18 வீதம். அதற்கு மேல் 24, 30, 36 என்று ஏறும்.

மற்றது வரி வரவு. இது கணக்குப் போட்டு வந்த வரியிலிருந்தே கழிவது. மாதா மாதம் சம்பளத்தில் வெட்டும் ஏ.பி.ஐ.டி., வைப்பு வட்டியில் வங்கி வெட்டும் 10 வீதம், இரண்டும் நீங்கள் முற்கூட்டியே கட்டிய வரி. 6 வீதக்காரருக்கு 1,000 ரூபா நிவாரணம் மிச்சப்படுத்துவது 60 ரூபா. 1,000 ரூபா வரவு மிச்சப்படுத்துவது முழு 1,000 ரூபா. வரவை நிவாரணத்தின் இடத்தில் எழுதினால் நஷ்டம் அங்கேதான் வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தங்கச்சிக்கு மாதம் 2,00,000 சம்பளம் என்று வைப்போம். பெற்றோரின் 15 லட்சம் அவள் பெயரில் 8 வீத வட்டியில் கிடக்கிறது.

வருடச் சம்பளம் 24,00,000. வட்டி 1,20,000. மொத்தம் 25,20,000. அதில் 18 லட்சம் நிவாரணம் போக மிச்சம் 7,20,000. அதற்கு 6 வீதம் 43,200. அவள் கட்ட வேண்டிய முழு வருட வரி இவ்வளவுதான்.

இனி வரவு. ஹோட்டல் மாதம் 3,000 படி 36,000 வெட்டியிருக்கும். வங்கி 12,000 வெட்டியிருக்கும். மொத்தம் 48,000. ஆக 4,800 ரூபா அவளுக்குத் திரும்பி வர வேண்டும்.

இதையே பிழையாகப் போட்டால் என்ன ஆகும்? வங்கி வெட்டிய 12,000ஐ வருமானத்தில் கழித்தால் மிச்சம் 7,08,000, வரி 42,480. சம்பளத்தில் வெட்டிய 36,000ஐ மட்டும் வரவாகக் காட்டினால், இன்னும் 6,480 கட்டு என்று வரும். வாங்க வேண்டியவள் கட்டுகிறாள், 11,280 ரூபா வித்தியாசம். "கட்டிவிட்டேன் அண்ணே, பிரச்சினை முடிஞ்சுது" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

வட்டியைக் காட்டும்போது கைக்கு வந்த 1,08,000ஐ எழுதக் கூடாது. வெட்டுவதற்கு முந்திய 1,20,000ஐத்தான் எழுத வேண்டும். குறைத்து எழுதி, 12,000 வரவையும் கேட்டால், வங்கி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சொன்ன தொகையோடு உங்கள் கணக்கு ஒத்துப் போகாது.

சம்பளம் கூடினால் இந்தக் கதை தலைகீழாகும். 10 வீதம் வெட்டியாச்சு, இனி ஒன்றும் இல்லை என்பது தப்பு. மாதம் 2,50,000 வாங்குபவரின் சம்பளமே 18 வீதப் படிக்குள் வந்துவிடும். அவருக்கு இதே 1,20,000 வட்டிக்கு வரி 21,600. வங்கி வெட்டியது 12,000 மட்டும். மிச்சம் 9,600ஐ அவர் கையால் கட்ட வேண்டும்.

சரி, இந்தக் காசு உண்மையில் யாருடையது? அப்பா அம்மாவுடையது. அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை. வைப்பு அவர்கள் பெயரில் இருந்தால் 1,20,000 வட்டி 18 லட்சத்துக்குக் கிட்டவே வராது, வரியே இல்லை. பிள்ளை பெயரில் போட்டதால் மட்டும் 7,200 ரூபா வரி. வைப்பு முதிரும் நாளில் உரியவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒன்றும் சொல்லாவிட்டால் வங்கி அப்பாவின் வட்டியிலும் 10 வீதம் வெட்டும். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்று ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால்தான் நிற்கும். "அது வயசானவங்களுக்கு மட்டும்தான்" என்று கவுண்டரில் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வருமானம்தான் கணக்கு. 80,000 சம்பளம் வாங்கும் ஆசிரியரும் கொடுக்கலாம். டின் என்கிற வரி செலுத்துவோர் இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். ஏப்ரல் பிறந்தவுடன் புதிதாகக் கொடுங்கள். பிந்திக் கொடுத்தால், அதற்கு முன் வெட்டியதை வாங்க வருட முடிவில் கொடுக்கும் வருமான வரி விபரத்திரட்டுதான் வழி.

டின் எடுப்பதில் நம் ஆட்கள் மாட்டும் இடம் கொமியூனிகேஷன் கடை. கடைக்காரர் தன் போன் நம்பரையும் ஈமெயிலையும் போட்டுப் பதிந்துவிடுவார். அப்புறம் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நுழைய வரும் இரகசிய எண் அவருக்குப் போகும், ஒவ்வொரு முறையும் அவரிடம் போய் நிற்க வேண்டும். உங்கள் நம்பரைத்தான் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தோட்ட முகவரியில் டிவிஷன் பெயரையும் விடாமல் எழுதுங்கள். லயத்துக்குக் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாக வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது.

திருப்பிக் கேட்க இரண்டு தாள் தேவை. வேலை கொடுத்தவரின் T.10 சான்றிதழ், வங்கியின் வரிக் கழிப்புச் சான்றிதழ். வங்கிப் புத்தகத்தின் பிரதி போதாது. "கொழும்பிலிருந்து வரணும்" என்று இழுத்தடிப்பார்கள். வாயால் கேட்டுவிட்டு வராமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கையில் வந்ததும் பெயர், டின், மொத்த வட்டி, வெட்டிய வரி நான்கையும் அங்கேயே சரி பாருங்கள். அடையாள அட்டையில் முழுப்பெயரும் சான்றிதழில் வேறு இனிஷியலும் இருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். பின்னால் அதைச் சொல்லியே கோரிக்கையைத் தள்ளி வைப்பார்கள்.

யூடியூபில் தமிழ்நாட்டு வரி விளக்கங்களைப் பார்த்து 80சி, 87ஏ என்று கேட்கிறவர்கள் நிறைய. அவை இந்தியச் சட்டம், இங்கே செல்லாது. இங்கே சம்பளத்தில் பிடிக்கும் உங்கள் 8 வீத ஈ.பி.எஃப்.க்கு நிவாரணம் கிடையாது. ஆயுள் காப்புறுதிக்கும் கிடையாது. "வரி குறையும்" என்று சொல்லி பொலிசி விற்க வருபவரிடம், எந்தச் சட்டப் பிரிவில் என்று எழுதிக் கேளுங்கள்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான ஆண்டுக்கு விபரத்திரட்டு கொடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. சான்றிதழ்களை நவம்பரில் கேட்டால் கைக்கு வராது. மே மாதத்திலேயே கடிதத்தைக் கொடுத்து வையுங்கள்.