காலி இடத்தில் ஏன் கத்துகிறது பஸ்ஸர்?

காருக்கு நானே பார்க்கிங் சென்சார் மாட்டி முடித்த மறுநாள் ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டு வாசலில், வழவழப்பான சிமெண்டுத் தரையில் ரிவர்ஸ் எடுத்தால் பஸ்ஸர் ஒழுங்காக இருக்கும். சுவருக்குக் கிட்டே போனால்தான் கத்தும். அதே காரை ஜல்லி பரப்பிய இடத்தில் பின்னுக்கு எடுத்தால், பின்னால் ஒரு பொருளும் இல்லாதபோதே விடாமல் ‘பீப் பீப்’ என்றது. தரை மாறினால் பஸ்ஸர் ஏன் மாற வேண்டும்? சென்சார் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். துளை போடும் இடத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது.

பம்பரில் பொட்டு போலத் தெரியும் அந்த வட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பீசோ தகடு இருக்கிறது. மின்சாரத்துடிப்பு கொடுத்தால் தகடு அதிரும். வெளியிலிருந்து அதிர்வு வந்தால் அதே தகடு மின்சாரம் தரும். வாயும் காதும் ஒன்றே. பெரும்பாலான செட்களில் அது நொடிக்கு சுமார் 40,000 முறை அதிர்ந்து மீயொலியை அனுப்புகிறது. நம் காதுக்கு அது எட்டாது. ஒலி ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று கண்ட்ரோல் பாக்ஸ் அளக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஆக, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரின் எதிரொலி ஏறக்குறைய 5.8 மில்லி நொடியில் வந்துவிடும். நான்கு சென்சார்களும் முறைவைத்து ஒவ்வொன்றாகக் கத்திக் கேட்பதால் ஒன்றின் குரல் மற்றொன்றைக் குழப்புவதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் ரீங்காரம் இருக்குமே, அதுபோல மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தகடு அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் வரும் எதிரொலி காதில் விழாது. துடிப்பும் ரீங்காரமும் சேர்ந்து 1.2 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஒலி போய்த் திரும்பும் தூரம் சுமார் 20 சென்டிமீட்டர். அதற்கும் கிட்டே இருப்பதைச் சென்சாரால் நம்பகமாக அளக்க முடியாது. அதனால்தான் பல செட்களில் 30 சென்டிமீட்டர் வந்ததுமே பஸ்ஸர் விட்டுவிட்டு அடிப்பதை நிறுத்தி, ஒரே மூச்சில் கத்த ஆரம்பிக்கிறது. அந்த நீள ஓசைக்குப் பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று எடுப்பவர் இனிமேல் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

சரி, பம்பருக்கு வருவோம். அளவெடுக்கும் முன் காருக்கு அடியில் படுத்து பம்பரின் பின்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக் தோலுக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் போகும். துளையின் நேர் பின்னால் அது இருந்தால் சென்சாரின் உடம்பு உள்ளே போகாது. முட்டிக்கொண்டு நின்றால் அதிர்வு சட்டத்துக்கும் கடந்துவிடும். பிறகு வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப்பை நீளமாக ஒட்டி அதன்மேல் குறியுங்கள். என் காரில் பயன்படுத்தத் தகுந்த அகலம் 150 சென்டிமீட்டர். இரு ஓரத்திலும் 15 விட்டதில் நடுவில் 120 மிஞ்சியது. மூன்றால் வகுத்தால் சென்சாருக்குச் சென்சார் 40. உயரத்துக்குத் தரையிலிருந்து 50 முதல் 65 சென்டிமீட்டர் வரை வசதியானது. என் பம்பரின் வடிவத்தில் 50தான் கிடைத்தது. அளக்கும்போது கார் சமதளத்தில் நிற்க வேண்டும். டிக்கியில் சாமான் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டில் ஒரு வழிகாட்டித் துளை. அப்புறம் செட்டோடு வந்த ஹோல் சா. அதன் விட்டத்தைச் சென்சாரின் உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடுங்கள். பெரிதாகிப் போன துளையைச் சுருக்க வழியில்லை. ட்ரில்லை மெதுவாக ஓடவிட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஓரம் பிசிறும். பிசிறைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, சென்சாரை அதன் ரப்பர் வளையத்தோடு அழுத்துங்கள். இந்த வளையம் அழகுக்கு என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தகட்டின் அதிர்வு பம்பருக்குப் போகாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பம்பரும் சேர்ந்து ரீங்கரிக்கும். சென்சார் தன் குரலையே எதிரொலி என்று எடுத்துக்கொண்டு, ரிவர்ஸ் போட்ட கணமே பஸ்ஸரை நிறுத்தாமல் அலறவிடும்.

சென்சாரின் பின்பக்கம் ஒரு அம்புக்குறியோ ‘UP’ என்ற எழுத்தோ இருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என் தலைவலியே அங்கேதான் இருந்தது.

வயர்களை டிக்கிக்குள் கொண்டுவர, ஏற்கெனவே வயர் போகிற ரப்பர் குரோமெட் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். புதிதாகத் தகட்டில் ஓட்டை போட்டால் துரு பிடிக்கும், மழைத்தண்ணீர் வரும். உள்ளே நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஒன்று முக்கியம்: சென்சார் வயர் நீளமாக இருக்கிறது என்று வெட்டி ஒட்டாதீர்கள். அதில் திரும்பி வரும் எதிரொலிச் சமிக்ஞை மிகவும் பலவீனமானது, ஒட்டுப் போட்ட இடத்தில் இரைச்சல் எளிதாக நுழையும். மிச்சத்தைச் சுருட்டி, கேபிள் டை போட்டு, புகைக்குழாய்ப் பக்கம் போகாமல் கட்டிவிடுங்கள்.

கண்ட்ரோல் பாக்ஸுக்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட்டிலிருந்து. கியர் போட்டால் விழிக்கும், எடுத்தால் தூங்கும். தனி ஸ்விட்ச் தேவையில்லை. எந்த வயர் என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரை எடுங்கள். கைபிரேக் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். ரிவர்ஸில் சுமார் 12 வோல்ட், நியூட்ரலில் பூஜ்யம், பிரேக் மிதித்தாலும் இண்டிகேட்டர் போட்டாலும் பூஜ்யமாகவே இருந்தால் அதுதான் நம் வயர். பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, பாக்ஸின் சிவப்பு வயரைச் சிறு ஃபியூஸ் வழியாக அதில் இணைக்க வேண்டும். கறுப்பு வயருக்கு பெயிண்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் போல்ட் போட்ட எர்த். பெயிண்டின் மேலேயே திருகினால் இணைப்பு வரும், போகும். பஸ்ஸர் விக்கி விக்கிக் கத்துவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயிண்ட்தான். புதிய கார்கள் சிலவற்றில், பல்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கார் அவ்வப்போது குட்டித் துடிப்பு அனுப்பும். பாக்ஸ் அதில் தடுமாறும். அங்கே ரிவர்ஸ் லைட்டால் ஒரு ரிலேயை மட்டும் இயக்கி, பாக்ஸுக்கான மின்சாரத்தை ஃபியூஸ் போட்ட வேறு வயரிலிருந்து எடுப்பது நல்லது.

பஸ்ஸரை டிக்கியிலேயே விட்டுவிட்டால் பாட்டுப் போட்டிருக்கும்போது காதில் விழாது. நான் அதை டேஷ்போர்டின் கீழ் ஓரத்தில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினேன். டிக்கியிலிருந்து அங்கே வரை வயர் வரும் பாதை, கதவுப்படியின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். மூடியைப் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக ‘டக் டக்’ என்று விடும். உள்ளே ஏற்கெனவே போகிற வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிவிடலாம். கூரை வழியாகவும் பக்கத் தூண்கள் வழியாகவும் கொண்டுபோகத் தோன்றும். ஏர்பேக் மடிந்திருக்கக்கூடிய இடம் அது, வேண்டாம். சீட் பெல்ட் சுருளும் இடத்திலும் வயர் உரசக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் இக்னிஷன் ஆன், ரிவர்ஸ் கியர். சென்சார்களின் அருகே காதை வைத்தால் ஒவ்வொன்றிலும் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். மீயொலி கேட்காவிட்டாலும் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கமும் முடிவும் அப்படிக் காதுக்கு எட்டுகிறது. டிக் கேட்காத சென்சாருக்கு, பெரும்பாலும், வயர் சரியாகச் சொருகப்பட்டிருக்காது. என் காரில் நான்கும் டிக்கின. அதனால்தான் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்.

இப்போது ஜல்லிக்கு வருவோம். காரை அங்கேயே நிறுத்தி, தம்பியை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து, எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் போடச் சொன்னேன். பஸ்ஸர் கத்தத் தொடங்கியதும் கண்ட்ரோல் பாக்ஸில் சென்சார் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினேன். B என்று எழுதியதைப் பிடுங்கியதும் அமைதி. பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தால், மற்ற மூன்றின் அம்பும் மேலே. B-யின் அம்பு பக்கவாட்டில் இருந்தது.

அது ஏன் இவ்வளவு பெரிய தப்பு? சென்சாரின் ஒலிக்கற்றை வட்டமாகப் போவதில்லை. படுக்கைவாட்டில் அகலமாகவும் செங்குத்தில் குறுகலாகவும் இருக்கும்படி செய்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது என்பது கணக்கு. மேலும் கீழும் 30 பாகை, இருபக்கமும் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 30 பாகை கீழே போகும் ஒலி, ஒரு மீட்டர் பயணித்துத்தான் தரையைத் தொடும். கற்றையின் ஓரம் என்பதால் அதன் பலமும் குறைவு, பாக்ஸ் பொருட்படுத்தாது. கால் சுற்று திருப்பி மாட்டினால் அகலப்பக்கம் தரையை நோக்கிவிடும். 45 பாகையில் போகும் ஒலி 70 சென்டிமீட்டரிலேயே தரையைத் தொடும், 60 பாகையில் போவது 58-லேயே.

அப்படியானால் சிமெண்டுத் தரையில் ஏன் கத்தவில்லை? 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு வழவழப்பான தரை ஒரு கண்ணாடி. சாய்வாக வந்த ஒலி முன்னோக்கித் தெறித்து அப்படியே போய்விடும், சென்சாருக்குத் திரும்பாது. ஜல்லியின் ஒவ்வொரு கல்லும் அந்த அலைநீளத்தைவிடப் பெரியது. அது ஒலியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. பஸ்ஸர் 60, 70 சென்டிமீட்டரில் சுவர் இருப்பதாக நினைத்துக் கத்துகிறது.

சென்சாரைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை உள்ளிருந்து அழுத்தி அதை வெளியே எடுத்து, அம்பு மேலே வருமாறு திருப்பிச் சொருக இரண்டு நிமிடம் ஆனது. மறுபடி ரிவர்ஸ் போடச் சொன்னேன். “என்ன அண்ணே, கனெக்‌ஷன் போயிருச்சா?” என்றான் தம்பி. நான் பம்பரின் பின்னால் போய் நின்ற பிறகுதான் கத்தியது.