பினாயில்: சொல் எங்கருந்து வந்துச்சு, அந்த வாசனைக்கு என்ன வேலை

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுன்ல தவுக்கே கடையில போயி பினாயில் வேணும்னு கேட்டா ஒருத்தர் கருப்பா கெட்டியா இருக்கிற தார் வாசனைத் தண்ணியை எடுத்துக் குடுப்பாரு, இன்னொருத்தர் பால் மாதிரி வெள்ளையா இருக்கிறதை குடுப்பாரு, பாசார் மாலாம்ல கேட்டா ரோஸ் கலர்ல லெவெண்டர் வாசனை அடிக்கிற பெரிய பாட்டில் வரும். மூணுக்கும் நம்ம வாயில ஒரே பேர்தான். ஆனா மூணும் வேற வேற சாமான், செய்யிற வேலையும் வேற. தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும், அதுக்காகத்தான் இந்த சொல்லை கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

பினாயில்னு சொல்லும்போது கடைசியில ஆயில்னு காதுல விழுறதால இது ஏதோ எண்ணெய்ன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. அந்த "ஆயில்" எண்ணெய் இல்ல. மூலச் சொல் ஃபீனைல். 1825ல மைக்கேல் ஃபாரடே, அப்ப விளக்கெரிக்க பயன்படுத்துன வாயுவோட கசடுலருந்து பென்சீன்ங்கிற பொருளைப் பிரிச்சு எடுத்தாரு. அது விளக்கு வாயுவுலருந்து வந்ததாலதான் 1830கள்ல அகஸ்த் லோரான்ங்கிற பிரெஞ்சு வேதியியல்காரர், ஒளிர்றது, வெளிப்படுத்துறதுங்கிற அர்த்தம் வர்ற கிரேக்க சொல்லை வச்சு அதுக்கு "ஃபீன்"னு பேர் குடுத்தாரு. கடைசியில வர்ற "ஐல்", மரம் இல்லன்னா மூலப்பொருள்ங்கிற அர்த்தம் உள்ள இன்னொரு கிரேக்க சொல். ஆக பினாயில்ங்கிற சொல்லுக்குள்ள வெளிச்சமும் விறகும் இருக்கு, கிருமியும் இல்ல சுத்தமும் இல்ல.

சுத்தம்ங்கிற அர்த்தம் அப்புறம்தான் வந்து ஒட்டிக்கிச்சு. 1834ல ரூங்கேங்கிற ஜெர்மன்காரர் நிலக்கரித் தாருலருந்து கார்பாலிக் அமிலத்தைப் பிரிச்சாரு, இதைத்தான் இப்ப ஃபீனால்னு சொல்றோம். இங்கிலாந்துல கார்லைல்ங்கிற ஊர்ல சாக்கடை நாத்தத்துக்கு இதை ஊத்துறாங்கன்னு ஜோசப் லிஸ்டர்ங்கிற டாக்டர் கேள்விப்பட்டு, 1865ல கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில கால் எலும்பு முறிஞ்சு வெளிய வந்த ஒரு பையனோட காயத்துக்கு கார்பாலிக்ல நனைச்ச துணியை கட்டினாரு, காயம் சீழ் பிடிக்காம ஆறிடுச்சு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரின்னாலே கார்பாலிக் வாசனைன்னு ஆகிப்போச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர் ரூமுக்குப் போன நம்ம பெரியவங்களுக்கு அந்த வாசனைதான் "இங்க கிருமி இல்ல"ங்கிறதுக்கு அடையாளம், ஆயாக்கொட்டாய் தரையிலயும் அந்த வாசனை வந்தாத்தான் கழுவியிருக்காங்கன்னு நம்புவாங்க. அந்த நம்பிக்கை வீட்டுக்கும் வந்துடுச்சு.

கருப்பு பினாயில் அந்த வம்சம்தான். தாருலருந்து வர்ற ஃபீனால் சொந்தக்காரங்க, முக்கியமா கிரெசால், அதோட சோப்பு. தண்ணியில ஊத்துனா உடனே வெள்ளையா மாறும், தாரும் எண்ணெயும் சோப்பு பிடிச்சு பொடிப்பொடி துளியா பிரிஞ்சு நிக்கிறதால வர்ற வெள்ளை அது. இதுல உள்ள கிரெசாலை நம்ம மூக்கு ரொம்ப ரொம்ப கொஞ்சம் இருந்தாலே கண்டுபிடிச்சிடும், அதனாலதான் ஒரு மூடி ஊத்துனாலே தெரு வரைக்கும் அடிக்குது. கழிவறை, வெளிய இருக்கிற கான், கோழிக்கூண்டு, இதுக்கெல்லாம் இது சரி, பிள்ளை படுக்குற ஹாலுக்கு இது வேண்டவே வேண்டாம், தோல்ல பட்டா எரிச்சல் குடுக்குற சாமான் இது. பூனை வளர்க்கிற வீட்டுக்கும் ஆகாது, ஃபீனாலை செரிச்சு வெளிய தள்ளுற சக்தி பூனை உடம்புல கம்மி, அது பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கும் வேற.

வெள்ளை பினாயில்ல பாதிக்கு மேல பேர்லதான் பினாயில். அதோட முக்கிய சரக்கு பைன் மரத்து எண்ணெய், அதுல உள்ள டெர்பினியோல்ல ஃபீனைல்ங்கிற அமைப்பே கிடையாது. பைன் எண்ணெய்க்கு கிருமி கொல்லுற சக்தி உண்டு, ஆனா தேவையான அளவு இருந்தாத்தான். மலிவு பாட்டில்ல எண்ணெய் கொஞ்சம், வெள்ளை நிறம் நிறைய.

மூணாவது ரோஸ் கலரு பாட்டில். இதுல அழுக்கு எடுக்க சோப்பு மாதிரி ஒண்ணு இருக்கும், சிலதுல பென்சல்கோனியம் குளோரைடுங்கிற கிருமி மருந்து கொஞ்சம் இருக்கும், மத்தது வாசனை. வாசனை எந்தக் கிருமியையும் கொல்லல, அழுக்கையும் எடுக்கல. அப்ப ஏன் இவ்வளவு தூக்கலா போடுறாங்கன்னா, கடையில மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் நாம வாங்குறோம், துடைச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சும் அடிச்சாத்தான் "நல்ல சாமான்"னு சொல்றோம், அதுக்கு ஏத்த மாதிரி தயாரிக்கிறாங்க. நம்ம சூட்டுக்கு சிமெண்டு தரை பகல்ல வெதுவெதுன்னு இருக்கும், அதுல ஊத்துன வாசனை சீக்கிரம் ஆவியாகி ஒரே நேரத்துல மேல வரும். அதோட மூக்குக்கு ஒரு குணம் இருக்கு, ஒரே வாசனையில பத்து நிமிஷம் நின்னா அது மந்தமாகிடும். மோப் போடுறவங்களுக்கு ரெண்டாவது ரூமுக்குப் போறப்ப வாசனையே தெரியாது, பத்தலைன்னு இன்னொரு குலுக்கு ஊத்துவாங்க, அதே நேரம் வெளியருந்து வர்ற பிள்ளைக்கு இருமல் வரும்.

இப்ப தமிழ்ல என்ன சொல்லலாம்னா, அகராதிகள்ல கிருமிநாசினின்னு போட்டிருக்கும், தனித்தமிழ்ல தொற்றுநீக்கி. எனக்கு தொற்றுநீக்கிதான் பிடிச்சிருக்கு, வேலையை நேரா சொல்லுது. ஆனா அது கருப்பு பினாயிலுக்குத்தான் பொருந்தும். ரோஸ் கலரு பாட்டிலுக்கு தூய்மையாக்கி, இல்ல தரை துடைக்கும் நீர்மம்னு சொல்றதுதான் சரி. நம்ம ஊரு பாட்டில்லயே மலாய்ல இந்த வித்தியாசம் எழுதியிருக்கும், நாமதான் பார்க்கிறது இல்ல: "பென்சுச்சி லந்தாய்"னா தரை கழுவுறது, "பெம்பாஸ்மி கூமான்"னா தொற்றுநீக்கி, "பெவாங்கி"ன்னு மட்டும் இருந்தா அது வெறும் வாசனை. வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்க.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துறேன்னா, கை கால் வாய்ப்புண் நோய் வர்ற சமயத்துலதான் இந்த சொல் குழப்பம் பெரிய கெடுதல் பண்ணுது. தாஸ்காவுல ஒரு பிள்ளைக்கு வந்துடுச்சுன்னா தரை பூரா பினாயில் ஊத்தி வாசனை தூக்குற அளவுக்கு கழுவுவாங்க, கழுவிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க. அந்த நோயைக் குடுக்குற எண்டெரோவைரஸுக்கு வெளியில கொழுப்பு உறை கிடையாது, அதனால பைன் எண்ணெய்க்கும் பென்சல்கோனியத்துக்கும், கையில தேய்க்கிற ஆல்கஹாலுக்கும்கூட அது லேசுல சாகாது. அதுக்கு வேண்டியது நாம கிளோராக்ஸ்னு சொல்ற ப்ளீச். 5 சதவீத ப்ளீச்ல 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணியில கலந்து, முதல்ல சோப்புத் தண்ணியால அழுக்கை துடைச்சிட்டு அப்புறம் இதைப் பூசி 10 நிமிஷம் விட்டுட்டு நல்ல தண்ணியால துடைக்கணும், விளையாட்டு சாமானையும் இப்படித்தான். கையில கிளவ்ஸ் போட்டு, ஜன்னல் எல்லாம் திறந்து, பிள்ளையை வெளிய அனுப்பிட்டு செய்யணும். கலந்ததை அன்னைக்கே முடிச்சிடுங்க, மறுநாளைக்கு வீரியம் இருக்காது. பினாயிலையோ வினிகரையோ டாய்லெட் கழுவுற ஆசிட்டையோ இதோட கலக்கவே கூடாது, ஆசிட் பட்டா குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைச்சிடும்.

மத்த நாள்ல தொற்றுநீக்கியே தேவையில்ல. எங்க பக்கத்து வீட்டுல ஒரு தங்கச்சி, எட்டு மாசப் பிள்ளை தவழ ஆரம்பிச்ச நேரம், தரையில வெள்ளையா பூத்து காலு ஒட்டுது, எவ்வளவு துடைச்சாலும் அழுக்காகுதுன்னு வந்து சொன்னா. "அக்கா, நான் கணக்கா ஊத்துறது இல்ல, கையால ஒரு ஊத்து"ன்னா. அளவுக் குவளையில ஊத்திப் பார்க்கச் சொன்னேன், அந்த ஒரு ஊத்து 160 மில்லி வந்துச்சு, வாளி தண்ணி 4 லிட்டர். பாட்டில்ல போட்டிருந்தது 5 லிட்டருக்கு 50 மில்லி. அதாவது லிட்டருக்கு 10 மில்லி போட வேண்டிய இடத்துல 40, நாலு மடங்கு. வாசனை காத்துல போயிடும், ஆனா சோப்பும் பென்சல்கோனியமும் எங்கயும் போகாது, காய்ஞ்சு தரையிலயே படலமா நிக்கும். அந்தப் படலம்தான் காலுல ஒட்டுது, தூசியைப் பிடிச்சு வைக்குது, தவழுற பிள்ளையோட உள்ளங்கையில ஏறி வாய்க்குப் போகுது. அந்தப் பிள்ளை முட்டியில சிவந்துகூட இருந்துச்சு, அதுக்கு இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, கிளினிக்ல காட்டச் சொன்னேன்.

முதல்ல அவ வெறும் வெதுவெதுப்பான தண்ணியால மோப்பை அடிக்கடி அலசி அலசி துடைச்சா, வாளியில நுரை வர்றது நிக்கிற வரைக்கும். சோப்பே போடாம நுரை வந்துச்சுன்னா அது பழைய படலம் கரையிறது. அதுக்கப்புறம் தினசரிக்கு ரெண்டு வாளி வச்சுக்கிட்டா: ஒண்ணுல 5 லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வாசனை கம்மியான பாத்திரம் கழுவுற சோப்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி அலச. முதல்ல கூட்டி, சோப்புத் தண்ணியில நல்லா பிழிஞ்ச மைக்ரோஃபைபர் மோப்பால ஒரு தரம், வெறும் தண்ணி மோப்பால ஒரு தரம், அப்புறம் ஃபேன் போட்டு தரை காயிற வரைக்கும் பிள்ளையை இறக்காம இருக்கணும். அலசுற தண்ணி கலங்கினா மாத்திடணும், மாத்தாம துடைச்சா அழுக்கை இடம் மாத்துறோம், அவ்வளவுதான்.

சிலர் வினிகர் போடுறாங்க. டைல்ஸ்ல எப்பவாவது போடலாம், ஆனா பழைய லயத்து வீட்டு சிவப்பு சிமெண்டு தரை, டெராசோ, மார்பிள் இதுல போடாதீங்க, புளிப்பு சுண்ணாம்பை அரிச்சு பளபளப்பு போயிடும், அரிச்ச இடத்துல அழுக்கு ஏறிக்கும். செராய் வாங்கி எண்ணெய் இயற்கைதானேன்னு தாராளமா ஊத்துறதும் வேண்டாம், அதுவும் காரமான எண்ணெய்தான், ஆஸ்துமா பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்.

பாசார் மாலாம்ல பெரிய கேன்ல வாங்கி சோடா பாட்டில்ல மாத்தி வைக்கிற பழக்கத்தை மட்டும் இன்னைக்கே விட்டுடுங்க. ரோஸ் கலரும் வெள்ளையும் பிள்ளை கண்ணுக்கு சிரப்பும் பாலும்தான். குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பைன் எண்ணெயும் தார் எண்ணெயும் வாந்தியோட நுரையீரலுக்குள்ள இறங்கினா குடிச்சதை விட மோசம். வாயைத் துடைச்சு, பாட்டிலை லேபலோட கையில எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அங்க உள்ளவங்க பினாங்குல இருக்கிற தேசிய விஷ மையத்தைக் கேட்டு மருந்து பார்க்கிறதுக்கு அந்த லேபல்தான் உதவும்.