கனசதுரத்தை ஊதி ஒரு கோள் செய்வது

கணினியில் பூமியளவு கோள் ஒன்றை உருவாக்க வேண்டுமென்றால், அட்சரேகை, தீர்க்கரேகைகளாக வலை பின்னலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் துருவங்களில் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் கூடிக் கட்டங்கள் நசுங்கிவிடும். அதனால் ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் சமமான கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் மையத்திலிருந்து ஒரே தூரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

அப்படியே தள்ளினால் முகத்தின் நடுவிலுள்ள கட்டம் மூலையிலுள்ளதைவிட 5 மடங்கு பெரிதாகிவிடும். முகத்தில் -1 முதல் 1 வரை ஓடும் `x`, `y`-ஐத் தள்ளுவதற்கு முன் `tan` கொண்டு சற்று நகர்த்தினால், மிகப் பெரிய கட்டத்துக்கும் மிகச் சிறிய கட்டத்துக்கும் உள்ள விகிதம் 1.4 ஆகக் குறைகிறது:

```
x = tan(x * PI / 4)
y = tan(y * PI / 4)
p = normalize(vec3(x, y, 1))
```

அடுத்தது மலையும் பள்ளமும். உயரத்தைத் தருவது நாய்ஸ் சார்பு; ஒழுங்கில்லாமல், ஆனால் சீராக ஏறி இறங்கும் மதிப்புகளைத் தருவது. அதை முகத்தின் `x`, `y`-ஐ வைத்துக் கணக்கிடக் கூடாது. கணக்கிட்டால் முகங்கள் சேரும் இடமெல்லாம் செங்குத்துச் சுவர் எழும்பும். முப்பரிமாண நாய்ஸில் `p`-ஐக் கொடுத்தால் விளிம்பு என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. நிலம் தொடர்ச்சியாக வரும். இந்த நாய்ஸையே பல அளவுகளில் அலைகளாக அடுக்குகிறார்கள். முதல் அலையின் நீளம் 1000 கி.மீ., உயரம் 4000 மீட்டர் என்று வைப்போம். அடுத்த அலையில் இரண்டும் பாதி. இப்படியே அடுக்கினால் பத்தாவது அலை 2 கி.மீ. நீளமும் 8 மீட்டர் உயரமும் கொண்ட சிறு மேடாகிவிடும்.

இத்தனை நுணுக்கம் எல்லா இடத்திலும் தேவையில்லை. ஒரு முகத்தின் பக்கம் சுமார் 10,000 கி.மீ. அதை 32×32 கட்டங்கள் கொண்ட ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு, ஒரு துண்டின் பக்க அளவைப்போல் இரு மடங்கு தூரத்துக்குள் கேமரா வந்தால் அந்தத் துண்டு நான்காகப் பிரிய வேண்டும் என்று விதி வைக்கலாம். 100 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது, கீழே எட்டு முறை பிரிந்த துண்டு இருக்கும்: பக்கம் 39 கி.மீ., கட்டம் 1.2 கி.மீ. ஓர் அலையைக் காட்ட இரண்டு கட்டமாவது வேண்டும் என்பதால் 2 கி.மீ. அலை இங்கே வீண். ஒன்பது அலைகளோடு நிறுத்திவிடலாம். 100 மீட்டருக்கு இறங்கினால் பதினெட்டு முறை பிரிந்து கட்டம் 1.2 மீட்டராகும். தொலைவிலுள்ளவை பெரிய துண்டுகளாகவே கிடக்கும்.

பெரிய துண்டும் சிறிய துண்டும் சேரும் எல்லையில்தான் தொல்லை. சிறியதன் கூடுதல் புள்ளிகள் பெரியதன் நேர்க்கோட்டில் உட்காராமல் இடைவெளி விடும். கேமரா நகரும்போது மெல்லிய கோடுகளில் வானம் மின்னுவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு பட்டை தொங்கவிட்டால் போதும். எளிய வழிதான், நன்றாகவே வேலை செய்யும்.

தரையருகே காட்சி நடுங்கினால் காரணம் வேறு. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில், மையத்திலிருந்து 63,71,000 மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளி அரை மீட்டர் படியில்தான் நகர முடியும். எனவே இடங்களை 64 பிட்டில் கணக்கிட்டு, கேமராவின் இடத்தைக் கழித்த பிறகே கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்ப வேண்டும்.