பீட் என்றால் துடிப்பு அல்ல, நகர்வு

குறும்படப் பயிற்சிக் குறிப்புகளிலும் விளம்பரத் திரைக்கதைகளிலும் 'முதல் துடிப்பு, இரண்டாம் துடிப்பு' என்று எழுதுவது பெருகிவிட்டது. ஆங்கில 'பீட்' என்பதற்கு அகராதியில் கண்ணில் பட்ட பொருளை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இது வெறும் சொல் பிழையாக நின்றிருந்தால் விட்டுவிடலாம். இது படத்தொகுப்பையும் கெடுக்கிறது.

பீட் என்ற சொல்லுக்கு அடித்தல் என்பதே மூலப் பொருள். இசையில் அது தாளத்தின் தட்டு. திரைக்கதையில் வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் வந்தால் சிறு மௌனம். கதையமைப்பில் வந்தால் ஒரு நிலைமை மாறும் மிகச் சிறிய அலகு. நடிப்பு கற்பித்த ரஷ்ய ஆசிரியர்கள் 'துண்டு' என்ற பொருளில் 'பிட்' என்று சொன்னது, அவர்கள் உச்சரிப்பால் அமெரிக்க மாணவர் காதில் 'பீட்' என்று விழுந்ததாக ஒரு கதையும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் இவை மூன்றும் வேறு வேறு பொருள்கள். தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

துடிப்பு என்றதும் மனத்தில் வருவது சம இடைவெளி. நாடி அப்படித்தான் துடிக்கும்; ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் ஒரே அளவுதான். கதையின் அலகுகளோ சம அளவில் வருவதில்லை. துடிப்பு என்று படிக்கிற எடிட்டர் எட்டு நொடித் துண்டை இரண்டு இரண்டு நொடியாக நறுக்கி, பின்னணி இசையின் தட்டில் வெட்டு வைக்கிறார். செயல் பாதியில் அறுபடுகிறது. போதாக்குறைக்கு 'துடிப்பான இளைஞர்' என்று நாம் சொல்லும் சுறுசுறுப்பும் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அமைதியாக முடிய வேண்டிய கடைசிப் பகுதியிலும் வேகம் கேட்கிறார்கள்.

'சந்தி' என்று சொல்லலாமே என்பவர்களும் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்லும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்ற ஐந்து நாடகச் சந்திகளும் நல்ல தமிழ் மரபுதான். ஆனால் அவை முழு நாடகத்தின் பெரும் பகுதிகள். எட்டு நொடிக்கு அந்தச் சட்டை பெரிது.

படம் பிடிக்காவிட்டால் நம் ரசிகர் என்ன சொல்கிறார்? "கதை நகரவே இல்ல". சொல் அங்கேயே இருக்கிறது. நகர்வு என்றால் ஓரிடத்தில் இருந்தது இன்னோரிடத்துக்குப் போயிருக்க வேண்டும். தொடக்க நிலை, முடிவு நிலை இரண்டையும் அந்தச் சொல்லே கேட்டு வாங்குகிறது.

மெரினாவில் சோளம் சுடுபவரை வெட்டே இல்லாமல் எட்டு நொடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 200. முதல் இரண்டு நொடி: கரிமேல் பொறி பறக்க, கை சோளத்தை எடுக்கிறது. இரண்டிலிருந்து ஆறு வரை: மிளகாய்ப்பொடி தோய்ந்த எலுமிச்சை மூடி சோளத்தின் மேல் உருள, மணிகள் சிவக்கின்றன. ஆறிலிருந்து எட்டு வரை: ஒரு சிறு கை அதை வாங்குகிறது. மூன்று நகர்வு, 50, 100, 50 ஃபிரேம். சோளம் நிறம் மாறுவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. அதனால் பாதி நேரம் நடுப்பகுதிக்கே போகிறது.

இதைத் தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் வருகிறது. 'எடுத்து, தோய்த்து, தேய்த்து, நீட்டுகிறார்' என்று வினையெச்சங்களைக் கோத்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோம். படிக்கச் சுகமாக இருக்கும். எந்தச் செயல் எந்த நொடியில் என்று ஒளிப்பதிவாளருக்குத் தெரியாது. ஒரு நகர்வுக்கு ஒரே வினைமுற்று என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். மேலே எலுமிச்சை முன்பே தோய்ந்திருப்பதும் இதற்காகத்தான். தோய்ப்பதையும் காட்டினால் ஒரு நொடி போய்விடும், தேய்ப்பது அரைகுறையாக நிற்கும். 'அவர் களைப்பாக இருக்கிறார்' என்று எழுதினால் அது நகர்வே அல்ல, நிலை. களைப்பைக் காட்ட விசிறும் கை நிற்க வேண்டும், நெற்றியைத் துடைக்க வேண்டும்.

வசனம் சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகும். நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நொடியில் "காரம் கம்மியா போடுங்கண்ணா" என்பதற்கு மேல் இடமில்லை.

எடுத்ததைச் சோதிக்க ஒலியை நிறுத்திவிட்டு 0, 2, 6, 8 ஆகிய நொடிகளில் படத்தை உறைய வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒன்றுபோல இருந்தால், அவற்றுக்கு நடுவில் எழுதிய நகர்வு நடக்கவில்லை. கடைசிச் செயல் 200ஆம் ஃபிரேமில் முடிவதும் பிழை. சிறு கை சோளத்தைப் பிடித்த பிறகு பத்துப் பன்னிரண்டு ஃபிரேமாவது மிச்சமிருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கினாளா இல்லையா என்று தெரியாமலே துண்டு முடிந்துவிடும்.